ஒன்பது அரை மீட்டர்

அம்மா முப்பத்தொரு வருடம் துணி விற்றாள். தைத்த உடுப்பு இல்லை. சுருளிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் துணி. கடையின் முகப்பு பத்தடி, உள்நீளம் இருபத்தைந்தடி. நடுவில் வெட்டுமேசை. அதன் பின்னால் ஒரு ஜன்னல். கடையிலேயே மதிப்பான பொருள் அந்த ஜன்னல்தான் என்பாள். நிறம் பார்க்க வருகிறவர்களைச் சுருளோடு அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவாள்.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தராசு, நாடா, வெப்பமானி எல்லாம் எங்களிடம் வரும். எவ்வளவு பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். அம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும் விதம்: "இவன் தப்புக் கண்டுபிடிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறான்."

ஆறு வருடத்துக்கு முன் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டி எட்டு மாதம் மூடாமல் வைத்திருந்தார்கள். கடைக்கு ஆள் வருவது நின்றது. அப்போதுதான் இணையத்தில் விற்பதற்கு ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தேன். அகலம், எடை, சுருக்கம், நிறம், குறைந்தபட்ச வெட்டு நீளம் என்று ஐந்து கட்டங்கள். நிரப்பினால் போதும் என்றேன். அம்மா நிரப்பினாள். பிறகு ஆறாவதாக ஒரு கட்டம் கேட்டாள்.

"எதுக்கு?"

"சொல்ல வேண்டியதைச் சொல்றதுக்கு."

அந்த ஆறாவது கட்டத்தில் அவள் எழுதியவற்றைப் படித்தால், இவள் விற்க உட்கார்ந்திருக்கிறாளா, விரட்ட உட்கார்ந்திருக்கிறாளா என்று சந்தேகம் வரும். 'இதில் குழந்தைக்குச் சட்டை தைக்காதீர்கள். குத்தும்.' 'பேண்ட் தைக்கலாம். முட்டி தொங்கும்.' 'ஏற்கெனவே இதே துணி வீட்டில் இருந்தால் இன்னொன்று எதற்கு, யோசியுங்கள்.' கடைசி வரியை மட்டும் நான் அழித்தேன். மறுநாள் திரும்ப இருந்தது.

மற்ற ஐந்து கட்டங்களிலும் அவள் சொன்ன எண்ணை நான் மாற்றியதே இல்லை. மாற்ற வழியில்லை. ஆலையிலிருந்து வரும் சீட்டில் அகலம் 150 என்று இருக்கும். அம்மா மூன்று இடத்தில் அளப்பாள். 'அகலம் 148 செ.மீ. கரை போக 145' என்று எழுதுவாள். கரையில் ஊசித் துளை இருக்கும், அதைத் தையலுக்குள் கொண்டுவர முடியாது, அப்புறம் எதற்கு அதையும் சேர்த்து விற்பது என்பது அவள் கட்சி. ஒரு சதுர மீட்டரின் எடைக்கு இருபதுக்கு இருபது சென்டிமீட்டரில் ஒரு துண்டு வெட்டி, சின்ன தராசில் போட்டு, வந்த கிராமை இருபத்தைந்தால் பெருக்குவாள். பத்துக்குப் பத்து போதுமே என்று கேட்டேன். சின்னத் துண்டில் கத்தரி கொஞ்சம் சாய்ந்தாலும் கணக்குப் பெரிதாகச் சாயும் என்றாள். பிழைக் கணக்கை நான் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்திருக்கிறேன். அதில் இருப்பதும் அதுதான்.

சுருக்கத்துக்கு இன்னும் பொறுமை வேண்டும். துண்டில் ஐம்பது சென்டிமீட்டர் சதுரம் குறித்து, நான்கு மூலையிலும் சிவப்பு நூலால் ஒரு தையல் போடுவாள். மை என்றால் துவைக்கும்போது போய்விடும். மூன்று முறை துவைப்பாள். நிழலில் காய வைத்து, தையலுக்குத் தையல் அளப்பாள். நீளவாக்கில் எவ்வளவு, அகலவாக்கில் எவ்வளவு, இரண்டும் தனித்தனி. எங்கள் வீட்டுக் கொடியில் என் சட்டைகளுக்கு நடுவே எப்போதும் இரண்டு மூன்று சதுரங்கள் தொங்கும். சின்ன வயதில் அவை எல்லார் வீட்டுக் கொடியிலும் தொங்கும் என்று நினைத்திருந்தேன்.

நிறத்துக்கு எண் கிடையாது. காலை பத்து மணிக்கு, ஜன்னலோரம், பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்துப் படம் எடுப்பாள். எடுத்த படத்தைக் கைப்பேசியில் பார்த்து, "பொய் சொல்லுது" என்பாள். பிறகு எழுதுவாள்: 'திரையில் தெரியும் பச்சையை நம்பாதீர்கள். நேரில் இன்னும் கறுப்பு. நனைந்த தேயிலையின் நிறம்.' ஒவ்வொரு சாய லாட்டுக்கும் தனிப் பக்கம். அதே ஆலை, அதே எண், ஆனால் இரண்டாவது முறை சாயம் போட்டது என்றால், அவளைப் பொறுத்தவரை அது வேறு துணி. 'லாட் பி' என்று தலைப்பிலேயே போடுவாள்.

வெட்டு நீளத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்தது. குறைந்தபட்சம் அரை மீட்டர் என்றாள். அந்த இணையப் பக்கத்தின் மென்பொருளோ முழு எண்ணைத்தான் ஏற்கும். மூன்றரை மீட்டர் என்று ஒருவர் எழுத முடியாது. அதனால் அரை மீட்டரை ஓர் அலகு ஆக்கினேன். மூன்றரை வேண்டுமானால் ஏழு என்று போட வேண்டும்.

"அரையை ஒண்ணுங்கிறியா?"

"ஆமா. எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க."

"கடையில வந்து ஏழு குடுங்கன்னா நான் என்னத்தைக் குடுக்க?"

"நீ மனசுக்குள்ள ரெண்டால வகுத்துக்கோ."

வகுத்துக்கொண்டாள். ஆறு வருடமும் சீட்டில் 'அரை மீட்டர் × 7' என்றுதான் அச்சாகி வந்தது. ஆறு வருடமும் அவள் ஒரே துண்டாக மூன்றரை மீட்டர் வெட்டினாள். குறுக்கே ஓர் இழையை உருவி, அது விட்டுப்போன கோட்டில் கத்தரி வைப்பாள். அதற்கு முன் இரண்டு விரலை அளவுக்கோட்டுக்கு அப்பால் வைப்பாள். அந்த இரண்டு விரல் வாங்குகிறவருக்கு. சுருளில் கடைசியாக அரை மீட்டருக்குக் குறைவாக மிஞ்சினால் அதுவும் அவருக்கே.

போன வருடம் கரும்பச்சை லினன் கலப்புத் துணி வந்தது. 260 கிராம் எடை. சுருக்கம் நீளத்தில் ஐந்து சதவீதம், அகலத்தில் மூன்று. அதன் லாட் பி சுருள் மெலிந்துபோய், அளந்தால் நாலு மீட்டர் எழுபது சென்டிமீட்டர்தான் மிஞ்சியிருந்தது. சுருளின் மேல் ஒரு காகிதத்தைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தாள். 'ஜன்னல்காரம்மாவுக்கு. தொடாதே.'

வாடிக்கையாளருக்கு அம்மா பெயர் வைப்பதில்லை, பட்டம்தான். ஜன்னல்காரம்மா ஊரின் மறுகோடியில் இருப்பவர். அவருடைய மகள் இரவுப் பணி நர்ஸ். பகலில் தூங்க வேண்டும். அறையில் சுவர் முழுக்க ஜன்னல். நான்கு திரை தேவை. ஒரே கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும் என்பதால் நான்கும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். நான்குக்கும் சேர்த்து ஒன்பது மீட்டர் கேட்டவரிடம் அம்மா தொலைபேசியில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "முதல்ல ரெண்டு திரைக்கு வாங்குங்க. துவைச்சுத் தைச்சு மாட்டுங்க. புள்ள நல்லாத் தூங்கினா மிச்சத்தைக் கேளுங்க. எடுத்து வைக்கிறேன்."

இரண்டு மாதம் கழித்து ஜன்னல்காரம்மா மிச்சத்தைக் கேட்டபோது அம்மா மருத்துவமனையில் இருந்தாள். நுரையீரலில் நீர். இரண்டாவது வாரம். நான் விடுப்பில் இருந்தேன். பகலில் கடையைத் திறக்காமல், இணையத்தில் வரும் ஆர்டர்களை மட்டும் வெட்டி அனுப்பிவிட்டு, மாலை நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரத்துக்குப் போவேன்.

சீட்டில் இருந்தது: 'கரும்பச்சை, லாட் பி. அரை மீட்டர் × 9.'

காகிதத்தையும் பார்த்தேன், சீட்டையும் பார்த்தேன். சரியான சுருள்தான். ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த எஃகு நாடாவை வைத்தேன். அம்மாவின் பழக்கம் தெரியும், ஆனால் என் விரலை நான் நம்பவில்லை. ஐநூறு மில்லிமீட்டர். இழை உருவினேன். வெட்டினேன். அடுத்த ஐநூறு. ஒன்பது முறை. அந்தக் கடையில் அதுவரை யாரும் அவ்வளவு துல்லியமாக வெட்டியிருக்க மாட்டார்கள். ஒன்பதையும் விளிம்புக்கு விளிம்பு அடுக்கி, மிஞ்சிய இருபது சென்டிமீட்டரையும் அம்மா செய்வதுபோல் மேலே வைத்து, கட்டி அனுப்பினேன்.

வெட்டும்போது அம்மாவின் எக்ஸ்ரே நினைவில் இருந்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அலகை உருவாக்கியவன் நான். சீட்டை அச்சிடச் செய்தவன் நான். 'ஒரே துண்டாக வெட்டித் தரப்படும்' என்ற வரி எந்தப் பக்கத்திலும் இல்லை. முட்டி தொங்கும் என்பது வரை எழுதியவளுக்கு அதை எழுதத் தோன்றவில்லை. துணியை வேறு எப்படி வெட்டுவார்கள்?

மூன்றாம் நாள் மாலை வார்டில் நுழைந்தபோது அம்மா கைப்பேசியைக் காதில் வைத்திருந்தாள். கடை எண் அவளுடைய கைப்பேசியில்தான் இருந்தது. நான் உட்கார்ந்தேன். அவள் "சரிம்மா. சரி. நான் பாத்துக்கிறேன்" என்று வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒம்போது துண்டா போட்டியாடா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜன்னலுக்கு ஐம்பது சென்டிமீட்டர் துணியால் ஒரு பயனும் இல்லை.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமல் ஆகி, இருமல் நின்று, மறுபடி சிரிப்பு ஆனது. பக்கத்துக் கட்டில்காரர் திரையை விலக்கிப் பார்த்தார். "ஒண்ணுமில்லைங்க, என் பையன் எஞ்சினியர்" என்றாள் அவரிடம்.

"திட்டிடும்மா."

"எதுக்கு? அளவு கரெக்டா இருந்துச்சாம். அந்தம்மாவே சொல்லுது. ஒண்ணு மேல ஒண்ணு வச்சா ஒரு நூல் வித்தியாசமில்லையாம்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு குரலில் சொன்னாள். "எடுத்து வைக்கிறேன்னு சொல்லியிருந்தேன்டா. அந்தப் பொண்ணு அரை ஜன்னல்ல போர்வையைக் கட்டித் தூங்குது."

லாட் பி தீர்ந்துவிட்டது. கடையில் இருந்தது லாட் சி. கொஞ்சம் மஞ்சள் தட்டியது. ஒரே கம்பியில் தொங்கவிட்டால் குருடனுக்கும் தெரியும். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"லாட் பி யாருக்கெல்லாம் போச்சு, பாரு."

மடிக்கணினியில் எடுத்தேன். பதினொரு பேர். பெரும்பாலும் இரண்டு மீட்டர், மூன்று மீட்டர். ஒருவர் மட்டும் ஆறு மீட்டர், எட்டு மாதத்துக்கு முன்.

"சோபாக்காரர்" என்றாள். "அவருக்குப் போடு."

"எட்டு மாசம் ஆச்சும்மா. தைச்சிருப்பாரு."

"வாங்கின துணியில பாதி அலமாரியிலதான்டா இருக்கும். எனக்குத் தெரியாதா?"

அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள், மூச்சு வாங்கினால் நான் பேச வேண்டும் என்று. எடுத்தது சோபாக்காரரின் மனைவி.

"துணிக்கடைம்மாவா. நல்லா இருக்கீங்களா."

"இருக்கேன். சோபா நல்லா இருக்கா?"

"சோபாவா. அது அப்படியே கிழிஞ்சு பஞ்சு தள்ளிக்கிட்டுக் கிடக்கு. இந்தா, இவரைக் கேளுங்க. எட்டு மாசமா அளவெடுக்கிறாரு."

பின்னால் ஓர் ஆண்குரல்: "துவைச்சு வச்சிருக்கேன்ல."

"துவைச்சாராம். துவைச்சு மடிச்சு வச்சாராம். சோபாவுக்கு அது தெரியுமா?"

அம்மா விஷயத்தைச் சொன்னாள். துணியை அவர்கள் கொடுத்தால், பதிலுக்குப் புது லாட்டில் ஆறு மீட்டர். சோபா தனியாகத்தான் நிற்கிறது, பக்கத்தில் நிறம் ஒப்பிட ஒன்றுமில்லை.

"மறுபடி நான் துவைக்கணுமே" என்றார் சோபாக்காரர்.

"என் பையன் துவைச்சுத் தருவான்" என்றாள் அம்மா.

மறுநாள் காலை போனேன். மாடி வீடு. சோபாவின் ஒரு கையிலிருந்து பஞ்சு உண்மையிலேயே வெளியே வந்திருந்தது. மனைவி அதைச் சாட்சிபோல் சுட்டிக் காட்டினார். சோபாக்காரர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து துணியை இறக்கினார். கரும்பச்சை. துவைத்ததில் மெத்தென்று ஆகியிருந்தது. தரையில் விரித்து, எஃகு நாடாவை ஓட்டினேன். ஒரே துண்டு. 5.73 மீட்டர்.

அங்கேயே மனம் கணக்குப் போட்டது. ஆறு மீட்டர் 5.73 ஆகியிருக்கிறது. நாலரை சதவீதம். இணையப் பக்கத்தில் ஐந்து என்று போட்டிருக்கிறாள். அம்மாவின் சுருக்கக் கணக்கில் முதல்முறையாகப் பிழை. துணி கிடைத்ததைவிட அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு அதையே நினைத்தேன். பாதி வழியில்தான் இரண்டு விரல் ஞாபகம் வந்தது. அவள் வெட்டியது ஆறு மீட்டர் அல்ல.

நான்கு மணிக்கு மருத்துவமனை. துணியை அவள் மடியில் வைத்தேன். அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள், கரையைத் திருப்பிப் பார்த்தாள், தலையாட்டினாள். நான் ஆய்வகப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தேன்.

"விரலைக் காட்டும்மா."

"எதுக்குடா?"

"ரெண்டு விரல் எவ்வளவுன்னு தெரியணும்."

"உனக்கு வேற பொழப்பே இல்லையா" என்றாள். ஆனால் நீட்டினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும், சேர்த்து. ஊசி குத்திய கை. அளவுகோலின் தாடைகள் குளிர்ந்திருந்தன. மெதுவாக மூடினேன். முப்பத்து நாலு மில்லிமீட்டர். கைப்பேசியில் தட்டினேன். 6.034 இலிருந்து 5.73. ஐந்து புள்ளி பூஜ்யம் நாலு.

"அஞ்சு" என்றேன்.

"அஞ்சுதானே போட்டிருக்கேன்."

"ஆமா."

"அப்போ என் விரல் இன்னும் கொஞ்சம் தடியா இருந்திச்சு" என்றாள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "உன் கணக்குல அதையும் சேத்துக்கோ."

நான் சேர்க்கவில்லை. முப்பத்து நாலு என்று எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. அந்தக் கையின் அளவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதுவும் மெலிந்த பிறகு எடுத்தது.

ஜன்னல்காரம்மாவுக்கு ஒரு திரைக்குத் துவைத்த கணக்கில் இரண்டு மீட்டர் பதின்மூன்று சென்டிமீட்டர் வேண்டும், மேல்மடிப்பு கீழ்மடிப்பு உட்பட. துவைக்காத துணியில் இரண்டேகால் வாங்கச் சொன்னது அதனால்தான். இரண்டு திரைக்கு 4.26. கையில் 5.73. தாராளம். அம்மா படுக்கையிலிருந்தே அவரை அழைத்தாள்.

"கிடைச்சிடுச்சும்மா. ஒரே துண்டு. துவைச்சதுதான், நீங்க மறுபடி துவைக்க வேண்டாம். முழுசாவே அனுப்புறேன். இவனை வெட்ட விடலை."

மறுமுனையில் சிரித்தார்கள். பிறகு அம்மா சற்று நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். நான் கைப்பேசியை வாங்கப் போனேன். கையை விலக்கினாள்.

"இன்னொண்ணு. உங்க பழைய ரெண்டும் ரெண்டு மாசம் வெயில்ல தொங்கியிருக்கு. இது அலமாரிக்குள்ள இருந்தது. ஒரே லாட்டுதான், ஆனாலும் பக்கத்துல மாட்டினா பழசு ஒரு பொடி வெளிறித் தெரியும். அதனால பழசை உள்பக்கம் தள்ளிடுங்க. புதுசை வெயில் விழற பக்கம் மாட்டுங்க. மூணு மாசத்துல ஒண்ணாயிடும். அதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது."

அழைப்பை முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இதை முதல்லயே ஆறாவது கட்டத்துல எழுதியிருக்கணும். விட்டுட்டேன்."

அடுத்த இரண்டு நாளில் லாட் சி-யில் ஆறு மீட்டர் வெட்டினேன். ஒரே துண்டாக, அளவுக்கோட்டுக்கு அப்பால் என் இரண்டு விரலை வைத்து. வீட்டுச் சலவை இயந்திரத்தில் ஆறு மீட்டர் லினன் போட்டால் அது ஒரு நனைந்த மனிதனின் எடைக்கு வந்துவிடுகிறது. மொட்டை மாடியில் மூன்று கொடிக்கு இழுத்துக் கட்டினேன். கடைக்குப் பக்கத்தில் பொத்தானும் நூலும் விற்கும் அக்கா எங்கள் மாடிவீட்டில்தான் குடியிருக்கிறார். ஏறி வந்து பார்த்தார்.

"என்ன தம்பி, இனிமே துவைச்சும் குடுப்பீங்களா? அப்படியே தைச்சு மாட்டியும் விட்டுடுங்க."

"அம்மா சொல்லிட்டாங்கக்கா."

"அவங்க சொல்லிட்டா செய்யத்தான் வேணும்" என்றார். பிறகு கேலியை விட்டுவிட்டு, துணியின் மறுமுனையைப் பிடித்து உதறினார். "எப்ப வருவாங்க வீட்டுக்கு?"

மருத்துவர் வியாழக்கிழமை என்று சொல்லியிருந்தார். வியாழன் என்றேன்.

சதுரமும் குறித்திருந்தேன், ஆறு மீட்டருக்குப் பக்கத்தில் தனித் துண்டில். மூலைத் தையல் கோணலாக வந்தது. மூன்று முறை துவைத்தபின் நீளவாக்கில் நாற்பத்தேழு புள்ளி ஒன்பது சென்டிமீட்டர். நாலு புள்ளி இரண்டு சதவீதம். அந்தத் துண்டையே அம்மாவிடம் கொண்டுபோனேன். வார்டில் அவள் கட்டிலுக்கு நேரே ஜன்னல். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"நாலு புள்ளி ரெண்டு வருதும்மா. நாலுன்னு போடட்டுமா?"

"அஞ்சுன்னு போடு."

"நாலு புள்ளி ரெண்டு."

"ஒருத்தி வெந்நீர்ல போடுவாடா. அவளுக்கும் சேத்துப் போடு."

"நிறம்?"

நிறையவே நேரம் எடுத்தாள். துண்டை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். "தேயிலை இல்ல இது. கத்திரிக்காய்க் காம்பு. காம்பு வாடினப்புறம்" என்றாள். நான் எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவள் வீட்டுக்கு வரவில்லை. புதன் அன்று மதியம், பார்வையாளர் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, போய்விட்டாள். நான் அப்போது துவைத்த துணியைக் கொடுத்துவிட்டுச் சோபாக்காரர் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன். அந்தத் தேநீரைப் பற்றி நான் பலமுறை யோசித்துவிட்டேன். குடிக்காமல் வந்திருந்தாலும் பேருந்து அதே பேருந்துதான்.

ஜன்னல்காரம்மாவின் திரைகள் அதற்கு நான்கு நாள் முன்பு ஏறியிருந்தன. மாட்டிய அன்றே படம் அனுப்பியிருந்தார். அம்மா அதைப் பார்த்தாள். நான்கு திரை, வரிசையாக. படத்தைப் பெரிதாக்கி, "பொய் சொல்லுது, எல்லாம் ஒண்ணாத் தெரியுது" என்றாள். அவளுக்குத் திருப்தி என்று எனக்குத் தெரிந்தது. படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தாள்.

விடுப்பு முடிந்து நான் ஆய்வகத்துக்குப் போகிறேன். மாலையில் கடை. நூற்றுப் பதினாறு பக்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வரி சேர்த்தேன்: 'எத்தனை அலகு வாங்கினாலும் ஒரே துண்டாக வெட்டித் தரப்படும்.' எல்லாவற்றிலும் ஒரே கட்டளையில் சேர்த்திருக்கலாம். ஒவ்வொன்றாகத் திறந்தேன். திறந்தால் ஆறாவது கட்டத்தைப் படிக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் திறந்தேன். சிலவற்றை நான் அதுவரை படித்ததே இல்லை. 'வாயில்' என்கிற மெல்லிய ரகத்தில் ஒரு வெள்ளைத் துணிக்கு எழுதியிருந்தாள்: 'உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று தெரியும். வெட்கமில்லை என்றால் நல்ல துணி.' இரவு உணவு ஆறிப்போனது.

அவளிடம் சொல்ல வேண்டியவை சேர்ந்துகொண்டே போகின்றன. பெரிய விஷயங்கள் இல்லை. லாட் சி-யை 'வாடின கத்திரிக்காய்க் காம்பு' என்று போட்டதற்கு, 'எந்தக் கத்திரிக்காய், ஊதாவா பச்சையா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் பதில் அனுப்பவில்லை. எனக்குத் தெரியாது. அவளைக் கேட்க வேண்டும் என்று ஒரு நொடி தோன்றும். அந்த ஒரு நொடியில் கை கைப்பேசிக்குப் போய்விடும். கடை எண் இப்போது என்னிடம் இருக்கிறது. நான் அழைத்தால் என் சட்டைப்பையில்தான் அடிக்கும்.

திரைகள் ஏறிய தேதி எனக்குத் தெரியும். மூன்று மாதம் எப்போது முடியும் என்பதும். பொறுக்க முடியவில்லை. இன்று மதியம், ஆய்வகத்தில் ஒரு தராசு சூடாகி நிலைபெறக் காத்திருந்த நேரத்தில், ஜன்னல்காரம்மாவை அழைத்தேன். திரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"புள்ள தூங்குது தம்பி" என்றார் மெல்லிய குரலில். "நாலு மணிக்கு எந்திரிச்சதும் பாத்துச் சொல்றேன்."

நாலேகாலுக்கு அவரே அழைத்தார்.

"பாத்தேன் தம்பி. கிட்டப் போய் நின்னு பாத்தா இன்னும் கொஞ்சம் தெரியுது. எட்ட நின்னாத் தெரியலை. என் பொண்ணு ஒண்ணும் தெரியலைங்குது. எனக்குத் தெரியுது. அம்மா மூணு மாசம்னு சொன்னாங்கல்ல?"

"ஆமாங்க. இன்னும் எட்டு நாள் இருக்கு."

"அப்படியா" என்றார். "சரி. எட்டு நாள் கழிச்சு மறுபடி பாக்கிறேன்."

"பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.